தேங்காய் வியாபாரிக்கு வந்த வருமான வரி ஆணை: அப்பீலில் எதை எழுதுவது, எதை விடுவது

கேள்வி: ஐயா, பாலக்காடு மாவட்டம் வேலந்தாவளம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தேங்காய், இளநீர் கமிஷன் வியாபாரம் செய்கிறேன். வயது 44. 2019-20-ல் பொள்ளாச்சியில் உள்ள என் சேமிப்புக் கணக்கில் பல தடவையாக 19,60,000 ரூபாய் ரொக்கமாகக் கட்டினேன். வருமானம் குறைவுதானே என்று ரிட்டர்ன் போடவில்லை. 2025 மார்ச் 11 அன்று போர்ட்டலில் ஆர்டர் வந்திருக்கிறது, பதினைந்து லட்சத்துக்கு மேல் வரி. நோட்டீஸ் எதையும் நான் பார்க்கவில்லை, பழைய அக்கவுண்டன்ட் மெயிலுக்குப் போயிருக்கிறது. அந்தப் பணத்தில் அம்மாவின் தோப்புக் காய்ப் பணம் ஒன்றரை லட்சம், நானே எடுத்துத் திரும்பக் கட்டியது இரண்டரை லட்சம். மீதி வியாபாரப் பணம். நண்பர் எழுதித் தந்த அப்பீல் டிராஃப்ட், ஆர்டர், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் இணைத்திருக்கிறேன். இதை அப்படியே போடலாமா?

பதில்:

அப்படியே போட வேண்டாம். ஆனால் அப்பீல் போடுங்கள், ஏப்ரல் 10-க்குள் போடுங்கள். டிமாண்ட் நோட்டீஸ் கைக்கு வந்த நாளைத் தள்ளிவிட்டு அதிலிருந்து முப்பது நாள் என்பது சட்டம். போர்ட்டலில் ஏறிய நாளையே வந்த நாளாகக் கணக்கு வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. தேதி தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் எழுத, அப்பீல் படிவமான படிவம் 35-லேயே 500 சொல்லுக்கு இடம் இருக்கிறது. ஆனால் உங்கள் வழக்கில் ஏற்கெனவே "நோட்டீஸ் பார்க்கவில்லை" என்று ஒரு காரணம் சொல்லப்போகிறீர்கள். அதன் மேல் இரண்டாவது மன்னிப்பும் கேட்க வேண்டிய நிலைமை வேண்டாம்.

நண்பரின் டிராஃப்டில் பதினான்கு காரணங்கள் இருக்கின்றன. ஆணை சட்டத்துக்கு எதிரானது, உண்மைக்கு எதிரானது, இயற்கை நீதிக்கு எதிரானது, அதிகாரி மனதைச் செலுத்தவில்லை, வரி மிக அதிகம் என்று போகிறது. ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் பதினான்கையும் எடுத்து இன்னொருவருடைய ஆணைக்கு ஒட்டினாலும் ஒட்டும். உங்கள் ஆணையில் உள்ள எந்த எண்ணையும் அவை தொடவில்லை. கடைசியில் எட்டு வரியில் தீர்ப்பு மேற்கோள்கள் வேறு. தீர்ப்புகளுக்கு இடம் பின்னால் நீங்கள் கொடுக்கப்போகும் எழுத்துமூல வாதத்தில். படிவத்தில் ஒரு காரணத்துக்கு 100 சொல்தான் அனுமதி. விவரச் சுருக்கத்துக்கு 1000 சொல்.

சரி, ஆணையைப் படிப்போம். நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் எந்தெந்தத் தேதியில் நோட்டீஸ் போனது என்ற பட்டியல். விஷயம் ஐந்தாம் பத்தியிலும் ஆறாம் பத்தியிலும்தான் இருக்கிறது. ஆறாம் பத்தியை எல்லோரும் பார்ப்பார்கள், ஏனென்றால் அங்கேதான் அடி: ரொக்கமாகக் கட்டிய 19,60,000 முழுவதும் 69A பிரிவின் கீழ் விளக்கமில்லாத பணம், 115BBE-ன்படி வரி. அந்தப் பிரிவில் வரி 60 சதவீதம், அதன் மேல் 25 சதவீத சர்சார்ஜ், அதன் மேல் 4 சதவீத செஸ். கூட்டிப் பெருக்கினால் 78 சதவீதம். 19,60,000-க்கு 15,28,800. மேலே வட்டி. அடிப்படை விலக்கு, செலவுக் கழிவு எதுவும் இந்தத் தொகைக்குக் கிடையாது.

நண்பர் ஐந்தாம் பத்தியைப் படிக்காமல் விட்டிருக்கிறார். அங்கே அதிகாரி என்ன எழுதியிருக்கிறார்? அதே கணக்கில் வங்கி வழியாக வந்த 11,40,000 ரூபாய் தேங்காய் வியாபாரிகளிடமிருந்து வந்த விற்பனைத் தொகை என்று ஏற்று, அதில் 8 சதவீதம் லாபம் என்று 91,200 மட்டும் வியாபார வருமானமாகச் சேர்த்திருக்கிறார். அதாவது நீங்கள் தேங்காய் விற்பவர், அந்தக் கணக்கு உங்கள் வியாபாரக் கணக்கு, வந்த பணம் முழுவதும் வருமானமல்ல, அதில் லாபம் மட்டும்தான் வருமானம் என்று அதிகாரியே ஒப்புக்கொண்டுவிட்டார். அதே வருடம், அதே கணக்கு, அதே ஆள். வங்கி வழியாக வந்தால் விற்பனை, கையில் வாங்கிக் கட்டினால் விளக்கமில்லாத பணம் என்று பிரித்ததற்கு ஆணையில் ஒரு வரி காரணம்கூட இல்லை. உங்கள் அப்பீலின் முதுகெலும்பு இதுதான்.

இதனாலேயே டிராஃப்டின் ஒன்பதாம் காரணத்தை அடித்துவிடுங்கள். சிறு வியாபாரிக்கு விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று வைக்கும் 44AD பிரிவில் வங்கி வழி வந்த தொகைக்கு 6 சதவீதம்தான், 8 சதவீதம் தவறு என்று நண்பர் எழுதியிருக்கிறார். சட்டப்படி அவர் சொல்வது சரி. 91,200 என்பது 68,400 ஆகக் குறையும். ஆனால் இரண்டுமே அந்த வருடத்தின் அடிப்படை விலக்கான 2,50,000-க்குள் வருவதால் ஒரு ரூபாய் வரிகூட மாறாது. அதற்காக ஐந்தாம் பத்தி தப்பு என்று நாமே எழுதிவிட்டு, அடுத்த வரியில் அதே ஐந்தாம் பத்தியை ஆதாரமாகக் காட்டுவதா? சரியான வாதம் எல்லாமே போட வேண்டிய வாதம் அல்ல.

அடுத்தது, நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்ட ஒரு சொல். "கமிஷன் வியாபாரம்" என்கிறீர்கள். நம் எல்லைப் பக்கத்தில் தோப்பில் காசு கொடுத்துக் காய் வாங்கி லாரி ஏற்றி விற்பவரும் தன்னைக் கமிஷன் வியாபாரி என்றுதான் சொல்வார், அடுத்தவர் காயை விற்றுக்கொடுத்து நூற்றுக்கு இத்தனை என்று வாங்குபவரும் அப்படித்தான் சொல்வார். வரிச் சட்டத்தில் இருவரும் ஒன்றல்ல. 44AD-ன் விழுக்காட்டுக் கணக்கு கமிஷன், தரகு வாங்குபவருக்குப் பொருந்தாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. உங்கள் பேங்க் ஸ்டேட்மென்டைப் பார்த்தால், அடிக்கடி இருபதாயிரம், நாற்பதாயிரம் கட்டுகிறீர்கள், ஓரிரு நாளில் தோப்புக்காரர்களுக்குக் கொடுக்க எடுக்கிறீர்கள். இது சொந்தப் பணம் போட்டு வாங்கி விற்பவரின் கணக்கு. அப்படித்தான் என்றால் படிவத்தில் ஒரு இடத்தில்கூடக் கமிஷன் என்ற சொல் வரக்கூடாது. "தோப்பு உரிமையாளர்களிடம் தேங்காய், இளநீர் விலைக்கு வாங்கி மொத்த வியாபாரிகளுக்கு விற்பவர்" என்று எழுதுங்கள். உண்மையிலேயே கமிஷன்தான் வாங்கினீர்கள் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது கணக்கே வேறு: கமிஷன் தொகை மட்டும் வருமானம், மீதி மற்றவர் பணம் என்று நிரூபிக்க வேண்டும்.

இப்போது 19,60,000-ஐ உடைப்போம். டிராஃப்டில் அது ஒரே கட்டியாக இருக்கிறது, "முழுத் தொகைக்கும் விளக்கம் உண்டு" என்று ஒரே காரணம். ஆனால் அதற்குள் மூன்று பணம் இருக்கிறது, மூன்றுக்கும் ஆதாரத்தின் பலம் வேறு வேறு. வியாபாரப் பணம் 15,60,000. எடுத்துத் திரும்பக் கட்டியது 2,50,000. அம்மாவின் பணம் 1,50,000. மூன்றையும் ஒரே காரணத்தில் போட்டால், அம்மாவின் பணத்தில் அப்பீல் ஆணையருக்கு வரும் சந்தேகம் மற்ற இரண்டின் மேலும் படியும். தனித்தனியாகப் போட்டால், ஒன்று தோற்றாலும் தோல்வி அந்த எண்ணோடு நிற்கும். அம்மாவின் ஒன்றரை லட்சம் மட்டும் போனால் 78 சதவீதக் கணக்கில் வரி 1,17,000. பதினைந்து லட்சத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

மூன்றில் மிகப் பலமானது இரண்டரை லட்சம். 2019 நவம்பர் 5 அன்று எடுத்திருக்கிறீர்கள், 18 அன்று கட்டியிருக்கிறீர்கள். ஒரு தோப்பைக் குத்தகைக்குப் பேசி முன்பணத்துக்கு எடுத்தது, பேச்சு முறிந்ததால் திரும்பக் கட்டியது என்று உங்கள் குறிப்பில் இருக்கிறது. எடுத்ததும் கட்டியதும் அதிகாரி வங்கியிடமிருந்தே வாங்கி வைத்திருக்கும் ஸ்டேட்மென்டில் இருக்கின்றன. புதிதாக ஒரு தாளும் காட்ட வேண்டியதில்லை. இடையிலிருந்த பதின்மூன்று நாளில் அந்தப் பணம் வேறு எதற்கும் செலவானதாக யாரும் காட்டவில்லை.

அம்மாவின் பணம்தான் சிக்கல். உங்களிடம் ஒரு கேள்வி: அம்மா காயை வேறு ஒருவருக்கு விற்றுப் பணத்தை உங்களிடம் தந்தாரா, அல்லது அம்மாவின் காயை நீங்களே ஏற்றி விற்றீர்களா? நீங்களே விற்றிருந்தால் அந்த ஒன்றரை லட்சம் உங்கள் விற்பனையின் ஒரு பகுதி, தனிக் காரணமாகப் போடக்கூடாது. வியாபாரத் தொகை 17,10,000 ஆகும், 8 சதவீதம் 1,36,800, ஏற்கெனவே ஏற்ற 91,200-உடன் மொத்த வருமானம் 2,28,000. அப்போதும் வரி இல்லை. அம்மா தனியாக விற்றுத் தந்திருந்தால் அது அவருடைய விவசாய வருமானம், மகனுக்குக் கொடுத்தது உறவினர் கொடுத்தது, வரி இல்லை. அப்போது உங்கள் வருமானம் 15,60,000-க்கு 1,24,800, அதோடு 91,200, மொத்தம் 2,16,000. இரண்டு வழியிலும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறோம். ஆனால் விவரச் சுருக்கத்தில் ஒன்றையும் அம்மாவின் வாக்குமூலத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட்டால், கெட்டுப்போவது அந்த ஒன்றரை லட்சம் மட்டுமல்ல, உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை. இனி நான் எழுதுவது அம்மா தனியாக விற்றார் என்ற கணக்கில்.

காரணங்கள் இப்படி வரலாம். ஆங்கிலத்தில்தான் போட வேண்டும், பொருள் விளங்கத் தமிழில் தருகிறேன்.

1. மேல்முறையீட்டாளர் காட்ட விரும்பிய ஆதாரங்களைப் பெறப் போதிய வாய்ப்புத் தராமல் 144-ம் பிரிவின் கீழ் ஆணை பிறப்பித்தது தவறு.

2. ஆணையின் 5-ம் பத்தியில் அதே வங்கிக் கணக்கில் வந்த ரூ. 11,40,000-ஐத் தேங்காய் வியாபார விற்பனையாக ஏற்று அதன் லாபத்துக்கு மட்டும் வரி விதித்த அதிகாரி, அதே வியாபாரத்தின் ரொக்க விற்பனையான ரூ. 15,60,000-ஐ 69A-ன் கீழ் முழுவதும் வருமானமாகச் சேர்த்தது தவறு. இத்தொகையில் 8 சதவீத லாபமான ரூ. 1,24,800 மட்டுமே வருமானம்.

3. 05-11-2019 அன்று அதே கணக்கிலிருந்து எடுக்கப்பட்டு 18-11-2019 அன்று திரும்பக் கட்டப்பட்ட ரூ. 2,50,000-ஐ 69A-ன் கீழ் சேர்த்தது தவறு. மூலம் ஆணைக்கு ஆதாரமான வங்கிக் கணக்கிலேயே தெரிகிறது.

4. மேல்முறையீட்டாளரின் தாயாரின் தென்னந்தோப்பு வருமானத்திலிருந்து பெற்ற ரூ. 1,50,000-ஐ 69A-ன் கீழ் சேர்த்தது தவறு.

5. மேற்கண்ட தொகைகளுக்கு 69A பொருந்தாததால் 115BBE-ன் கீழ் வரி விதித்ததும், அதைத் தொடர்ந்து 234A, 234B பிரிவுகளில் வட்டி விதித்ததும் தவறு.

கடைசியில் காரணங்களைச் சேர்க்கவும் திருத்தவும் அனுமதி கோரும் வழக்கமான வரியைப் போட்டுக்கொள்ளுங்கள். விடுபட்டது வேண்டுமென்றே விட்டதல்ல என்று தெரிந்தால் ஆணையர் புதிய காரணத்தை ஏற்கலாம். ஆனால் நாளை விஷயம் தீர்ப்பாயத்துக்குப் போனால், அங்கே விதி எழுத்திலேயே இருக்கிறது: காரணங்கள் சுருக்கமாக, தனித்தனித் தலைப்பில், வாதமும் கதையும் இல்லாமல் இருக்க வேண்டும். இப்போதே அந்த உருவத்தில் எழுதிவிட்டால் பிறகு மாற்ற வேண்டியதில்லை.

கவனித்துப் பாருங்கள், 2 முதல் 4 வரை ஒவ்வொன்றிலும் ஒரு தொகை, ஆணை செய்த ஒரு தவறு, அது ஏன் தவறு என்பதற்கு அரை வரி. மூன்றின் கூட்டுத்தொகை 19,60,000 வருகிறதா என்று சரிபார்க்கவும். ஆனால் படிவத்தில் வழக்கிலுள்ள கூட்டல் தொகை கேட்கும் இடத்தில் 19,60,000 என்று போடாதீர்கள். 1,24,800-ஐ நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள், ஆகவே 18,35,200. இந்த எண் காரணங்களோடு ஒத்துப்போகாத படிவங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

முதல் காரணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டிராஃப்டில் "எந்த நோட்டீஸும் சார்வு செய்யப்படவில்லை", அதாவது முறைப்படி கைக்குச் சேர்க்கப்படவில்லை என்று இருக்கிறது. போர்ட்டலில் உள்ளே போய் `Pending Actions > e-Proceedings` பாருங்கள். அங்கே நோட்டீஸ்கள் வரிசையாக இருந்தால், "சார்வு ஆகவில்லை" என்பது நிற்காது. பதிவில் உள்ள மெயிலுக்கும் போர்ட்டலுக்கும் வந்துவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். "வந்தது, ஆனால் எனக்குத் தெரிய வாய்ப்பில்லாமல் போனது, அதனால் ஆதாரம் தர முடியவில்லை" என்பது வேறு வாதம், அதுதான் உங்களுடையது. கடைசி ஷோகாஸ் நோட்டீஸில் பதில் தர எத்தனை நாள் கொடுத்தார்கள் என்றும் பாருங்கள். நாள் மிகக் குறைவாக இருந்தால் அதைத் தேதியோடு சுருக்கத்தில் சேருங்கள். பழைய வருடத்தை மறுபடி திறக்கும் முன் தரும் 148A நோட்டீஸும் அதன் மேலான ஆணையும் அங்கேயே கிடைக்கும், ஒரு வரி வழக்கறிஞரிடம் காட்டி அதில் குறை இருந்தால் ஆறாவதாக ஒரு காரணம் சேர்க்கலாம். குறை தெரியாமல் "மறுதிறப்பு செல்லாது" என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள்.

இந்த முதல் காரணத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல், 144-ன் கீழ், அதாவது நோட்டீஸுக்குப் பதில் வராததால் அதிகாரி தானே மதிப்பிட்டுப் போட்ட ஆணையை ரத்து செய்து மறுபடி மதிப்பிட அதிகாரிக்கே திருப்பி அனுப்பும் அதிகாரம் அப்பீல் ஆணையருக்கு வந்திருக்கிறது. உங்கள் அப்பீல் வாய்ப்புத் தரவில்லை என்ற புகாரை மட்டும் சத்தமாகச் சொன்னால், அப்படியே திருப்பி அனுப்பிவிடுவது அவருக்குச் சுலபம். நீங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவீர்கள். என் அபிப்பிராயத்தில், உங்கள் ஐந்தாம் பத்தி வாதம் அங்கேயே தீர்ப்பு வாங்கும் அளவுக்கு வலுவானது. ஆகவே ஆதாரம் முழுவதையும் அப்பீலோடு கொடுத்து, முடிவு அங்கேயே வேண்டும் என்று கேளுங்கள். முதல் காரணம் இருக்கட்டும், ஆனால் வாதத்தின் எடையை இரண்டாவதில் வையுங்கள்.

விவரச் சுருக்கத்துக்கு வருவோம். இதைப் படிக்கப்போகிறவர் உங்கள் ஊரைப் பார்த்தவராக இருக்க மாட்டார். முகமறியா முறையில் அப்பீல் நாட்டில் எங்கேயோ உள்ள ஒருவரிடம் போகும். கேரளத்தில் வீடு, தமிழ்நாட்டில் வங்கிக் கணக்கு என்பதே அவருக்கு விசித்திரமாகப் படலாம். எல்லையில் இது சாதாரணம் என்று அவருக்கு யார் சொல்வது? நீங்கள்தான் சொல்ல வேண்டும், இரண்டு வரியில். அதே சமயம், குற்றச்சாட்டும் வாதமும் இங்கே வரக்கூடாது. "அநியாயமாக", "கண்மூடித்தனமாக" என்ற சொற்கள் டிராஃப்டில் ஆறு இடத்தில் இருக்கின்றன, எடுத்துவிடுங்கள். தேதி, தொகை, யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பது மட்டும் போதும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"மேல்முறையீட்டாளர் தனிநபர். கேரளம், பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமத்தில் வசிக்கிறார். அப்பகுதித் தோப்பு உரிமையாளர்களிடம் தேங்காயும் இளநீரும் விலைக்கு வாங்கி, பொள்ளாச்சிப் பகுதி மொத்த வியாபாரிகளுக்கு விற்கிறார். தோப்பு உரிமையாளர்களுக்கும் மரம் ஏறுவோருக்கும் அன்றன்றே ரொக்கமாகக் கொடுக்க வேண்டியிருப்பதால் விற்பனையின் ஒரு பகுதி ரொக்கமாகவே நடக்கிறது. வாங்குவோர் பொள்ளாச்சியில் இருப்பதால் வங்கிக் கணக்கும் அங்கே உள்ளது.

2019-20-ல் அக்கணக்கில் வங்கி வழி ரூ. 11,40,000-ம் ரொக்கமாக ரூ. 19,60,000-ம் வரவானது. ரொக்க வரவில் ரூ. 15,60,000 மேற்படி விற்பனைத் தொகை, அதில் 8 சதவீத லாபம் ரூ. 1,24,800. ரூ. 2,50,000 தோப்புக் குத்தகை முன்பணத்துக்காக 05-11-2019 அன்று எடுக்கப்பட்டு, குத்தகை அமையாததால் 18-11-2019 அன்று திரும்பக் கட்டப்பட்டது. ரூ. 1,50,000 தாயார் தன் தோப்புத் தேங்காயை விற்றுக் கொடுத்தது.

வருமானம் வரி வரம்புக்குக் கீழ் என்பதால் ரிட்டர்ன் தாக்கல் செய்யப்படவில்லை. 148-ம் பிரிவு நோட்டீஸும் தொடர்ந்த நோட்டீஸ்களும் போர்ட்டலில் பதிவாகியிருந்த முன்னாள் கணக்காளரின் மின்னஞ்சலுக்குச் சென்றன. அவர் தொடர்பில் இல்லாததால் மேல்முறையீட்டாளருக்குத் தெரியவரவில்லை. 11-03-2025 அன்று ஆணை பிறப்பிக்கப்பட்டது. அதில் வங்கி வழி வரவு வியாபார விற்பனையாக ஏற்கப்பட்டு 8 சதவீதம் வருமானமாகவும், ரொக்க வரவு முழுவதும் 69A-ன் கீழும் சேர்க்கப்பட்டு, மொத்த வருமானம் ரூ. 20,51,200 என மதிப்பிடப்பட்டது."

அவ்வளவுதான். 1000 சொல் அனுமதி இருக்கிறதே என்று நிரப்ப வேண்டாம். எல்லாக் காரணத்துக்கும் வேர் இதில் இருக்கிறதா என்று ஒரு முறை கோடு போட்டுப் பாருங்கள். காரணத்தில் உள்ள எந்த எண்ணும் சுருக்கத்தில் இல்லாமல் புதிதாக முளைக்கக்கூடாது. சுருக்கத்தில் உள்ள எந்த வாக்கியத்தையும் ஒரு தாளைக் காட்டி நிரூபிக்க முடிய வேண்டும். முடியாததை எழுதாதீர்கள்.

அந்தத் தாள்கள் எவை? பேங்க் ஸ்டேட்மென்ட் ஏற்கெனவே அதிகாரியிடம் இருப்பது, அதை ஆதாரப் பட்டியலில் நேரே போடலாம். மற்றவை எல்லாம் புதியவை: உங்கள் பற்று வரவு நோட்டு, பொள்ளாச்சி வியாபாரிகளின் உறுதிக் கடிதங்கள், லாரி வாடகைச் சீட்டுகள், அம்மா வில்லேஜ் ஆபீஸில் நிலக் கரம் கட்டிய ரசீது, அவருடைய வாக்குமூலப் பத்திரம். புதிய ஆதாரத்தை விதி 46A-ன் கீழ் தனி மனு போட்டுத்தான் கொடுக்க வேண்டும். படிவத்தில் அதற்கென்று உள்ள இடத்தில் "ஆம்" என்றும் குறிக்க வேண்டும். உங்கள் டிராஃப்டில் "இல்லை" என்று இருக்கிறது. அதை மாற்றாமல் போட்டால் பின்னால் தரும் ஒவ்வொரு தாளுக்கும் தனிப் போராட்டம். மனுவில் அந்த விதி சொல்லும் காரணங்களில் உங்களுக்குப் பொருந்துவதைச் சொல்லுங்கள்: போதிய காரணத்தால் முன்பு தர இயலாமல் போனது. ஆணையர் ஏற்றால், அதிகாரியின் கருத்தைக் கேட்டு ஒரு அறிக்கை வாங்குவார், அதற்குப் பதில் சொல்ல உங்களுக்கும் வாய்ப்பு வரும். கர ரசீது மலையாளத்தில் இருக்கும், ஆங்கில மொழிபெயர்ப்போடு சேருங்கள். வியாபாரிகளின் கடிதத்தில் முகவரியும் பான் எண்ணும் அந்த வருடம் ரொக்கமாகக் கொடுத்த தொகையும் இருக்க வேண்டும். "இவர் நல்லவர், எங்களுக்குப் பல வருடப் பழக்கம்" என்று எழுதி வாங்கி வருவார்கள், அதில் பயனில்லை. எல்லாக் கடிதமும் ஒரே வாசகத்தில், ஒரே நாளில், ஒரே கடையில் டைப் அடித்ததாக இருந்தாலும் கெடுதல்தான்.

ரிட்டர்ன் போடாதவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு கண்ணி இன்னும் இருக்கிறது. 249(4) பிரிவுப்படி, ரிட்டர்ன் போடாதவர் தான் கட்ட வேண்டியிருந்த முன்கூட்டிய வரிக்குச் சமமான தொகையைக் கட்டியிருந்தால்தான் அப்பீலை எடுத்துக்கொள்வார்கள். படிவம் இதைக் கேட்கும். பலர் அதைக் காலியாக விட்டுவிட, காரணங்களைப் படிக்காமலேயே அப்பீல் தள்ளுபடியாகிறது. உங்கள் கணக்குப்படி வருமானம் 2,16,000, வரம்புக்குக் கீழ், ஆகவே முன்கூட்டிய வரி ஏதுமில்லை. இதைக் கணக்கோடு ஒரு தாளில் எழுதி இணையுங்கள். அதே தாளில், ஆணையர் வேறு மாதிரி நினைத்தால் அந்த நிபந்தனையிலிருந்து விலக்கு அளிக்கும்படியும் மாற்று வேண்டுகோளாகக் கேட்டுவிடுங்கள். அந்த அதிகாரம் அவருக்கு உண்டு, ஆனால் கேட்டால்தான் தருவார். அப்பீல் கட்டணம் உங்களுக்கு 1,000 ரூபாய், ஏனென்றால் அதிகாரி மதிப்பிட்ட வருமானம் 2 லட்சத்தைத் தாண்டுகிறது.

அப்பீல் போட்டதும் வசூல் தானாக நின்றுவிடாது. 220(6) பிரிவின் கீழ் மதிப்பீட்டு அதிகாரியிடம் தனியாக நிறுத்திவைக்கக் கேட்க வேண்டும். வழக்கமாக டிமாண்டில் 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள். நேரடி வரிகள் வாரியத்தின் 2017 ஜூலை 31 குறிப்பாணையில் உள்ள அளவு அது. ஐந்தாம் பத்தியைக் காட்டி இன்னும் குறைக்கக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

அப்புறம், ஆணையோடு 271AAC பிரிவில் அபராத நோட்டீஸும் வந்திருக்கிறது. 60 சதவீத வரியான 11,76,000-ல் பத்தில் ஒரு பங்கு, 1,17,600. டிராஃப்டின் பதினோராம் காரணம் அதை எதிர்க்கிறது. அபராத நடவடிக்கை தொடங்கியது மட்டும் அப்பீலுக்கு உரிய விஷயமில்லை, எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக அந்த நோட்டீஸுக்கே, அதில் கொடுத்த தேதிக்குள், படிவம் 35-ன் ஒப்புகைச் சீட்டை இணைத்து, அப்பீல் முடியும் வரை நிறுத்திவைக்கும்படி போர்ட்டலில் பதில் போடுங்கள். அதற்கு முன்னால் போர்ட்டலின் ப்ரொஃபைலில் பழைய அக்கவுண்டன்ட் மெயிலை மாற்றி உங்களுடையதைப் போடுங்கள். அப்பீல் நோட்டீஸும் அங்கேதான் வரும்.